முதல் பக்கத்தைத் தனியே பிரித்துக் கொடுத்தால் புரியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கடன் கேட்டு வங்கிக்கு முப்பது பக்கத்தில் ஒரு திட்ட அறிக்கை கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் முதல் பக்கத்தில் எக்ஸிகியூட்டிவ் சம்மரி, அதாவது நிர்வாகச் சுருக்கம் இருக்கும். அதை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதி முடித்தபின், மற்ற இருபத்தொன்பது பக்கங்களைப் பார்க்காத ஒருவருக்கு அது புரியுமா என்று சோதிப்பது எப்படி? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

அந்தச் சோதனை ஏன் தேவை என்பதற்கு, காகிதம் போகும் வழியைப் பார்த்தால் போதும். நீங்கள் பார்த்துப் பேசிய கிளை அதிகாரிக்குப் பெரும்பாலும் பெரிய தொகையை அனுமதிக்கும் அதிகாரம் இருக்காது. அவர் கடன் குழுவுக்குத் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதுவார். எழுதும்போது உங்கள் சுருக்கத்திலிருந்து வரிகளை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார். குழுவில் இருப்பவர் முன்னால் அன்று இன்னும் பல விண்ணப்பங்கள் இருக்கும். அவர் கைக்கு வந்துசேரும்போது உங்கள் அட்டவணை, படம், இணைப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் போகலாம். விளக்கம் சொல்ல நீங்களும் அங்கே இருக்க மாட்டீர்கள்.

இனி ஒரு எடுத்துக்காட்டு. கற்பனைதான், ஆனால் டர்பன் பக்கம் நம்மவர்கள் நடத்தும் தொழில்தான். சாட்ஸ்வொர்த்தில் மசாலாப் பொடி அரைத்து மொத்தமாக விற்கும் ஒரு குடும்ப நிறுவனம். அவர்களுடைய சுருக்கத்தை வாசிக்கிறேன், கேளுங்கள்.

"மூன்று தலைமுறையாகத் தரமான மசாலாப் பொடிகளைத் தயாரித்து வருகிறோம். நம் மசாலாவுக்கு நாடெங்கும் வரவேற்பு பெருகி வருகிறது. பகுதி நான்கில் விளக்கியுள்ள விரிவாக்கத் திட்டத்தால் உற்பத்தி 150 சதவீதம் உயரும். இதற்குத் தேவையான நிதியை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு இரண்டில் காட்டியபடி தவணையை எளிதாகக் கட்ட முடியும்."

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியவருக்கு ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் மீதி எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அதனால்தான் சோதனையை எழுதியவரே செய்யக் கூடாது.

செய்முறை இதுதான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுங்கள். உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத, ஆனால் வரவுசெலவு புரிந்த ஒருவரிடம் கொடுங்கள். மனைவியோ கணவரோ வேண்டாம், உங்கள் கணக்காளரும் வேண்டாம். விட்டுப்போனதை எல்லாம் அவர்கள் தாங்களாகவே மனதில் நிரப்பிக்கொள்வார்கள். வாசிக்க மூன்று நிமிடம் கொடுத்துவிட்டுக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து கேள்விகள் கேளுங்கள். கேட்பவர் யார்? எவ்வளவு பணம், எதற்கு? பணம் எப்படித் திரும்பி வரும்? என்ன நடந்தால் திரும்பி வராது? நான் இப்போது எந்த முடிவை, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்?

பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இடையில் எடுத்துக்கொடுக்காதீர்கள். இதுதான் சிரமம், வாய் சும்மா இருக்காது. "இருக்கும்னு நினைக்கிறேன்" என்று அவர் இழுத்தால், அந்த இடத்தில் சுருக்கம் தோற்றுவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊகம் சரியாகவே இருந்தாலும் அது தோல்விதான். குழுவில் இருப்பவர் வேறு விதமாக ஊகிப்பார்.

நம் மசாலா நிறுவனத்தின் சுருக்கத்தை வைத்து இந்த ஐந்தையும் கேட்டால் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். எந்த ஊர், சில்லறையா மொத்த விற்பனையா என்று தெரியாது. தொகை எங்குமே இல்லை. 150 சதவீதம் என்கிறது, எதிலிருந்து என்று சொல்லவில்லை. நூறு கிலோ அரைப்பவர் இருநூற்றைம்பது கிலோ அரைத்தாலும் அதே 150 சதவீதம்தான். தவணை எளிது என்பது எழுதியவரின் நம்பிக்கை, அதைச் சரிபார்க்க வாசிப்பவருக்கு ஒரு எண்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்து ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, பக்கத்துக்கு வெளியே கைகாட்டும் சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். "பகுதி நான்கில்", "இணைப்பு இரண்டில்", "மேலே கண்டபடி", விரிவு சொல்லாத சுருக்கெழுத்துகள், "குறிப்பிட்ட காலத்துக்குள்". எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை. ஒரு சுலபமான விதி உண்டு. அந்தச் சொல்லை அடித்துவிட்டு வாக்கியத்தை வாசியுங்கள். செய்தி முழுதாக இருந்தால், அது ஆதாரம் இருக்கும் இடத்தைச் சொல்கிறது, இருக்கட்டும். செய்தியே காணாமல் போனால், பதிலைச் சொல்லாமல் வாசிப்பவரைத் தேடவிட்டிருக்கிறீர்கள். "தவணை மாதம் 40,000 ரேண்ட், கணக்கு இணைப்பு இரண்டில்" என்றால் சரி. "தவணை இணைப்பு இரண்டில் உள்ளபடி" என்றால் தவறு.

மூன்றாவது வேலை எண்களை ஒப்பிடுவது. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். சுருக்கம் பெரும்பாலும் முதலில் எழுதப்படுகிறது. அப்புறம் உள்ளே விலை மாறும், வட்டி மாறும், முதல் பக்கம் பழைய எண்ணோடு அப்படியே நிற்கும். சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும், அது உள்ளே எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். பக்க எண் எழுத முடியாத எண்ணுக்கு ஆதாரம் இல்லை.

நம் நிறுவனத்தின் உள்பக்கங்களைத் திறந்தால் கணக்கு இப்படி இருக்கிறது. இப்போது மாதம் 4 டன் அரைக்கிறார்கள், புது இயந்திரம் வந்தால் 10 டன். கூடுதல் 6 டன். மூலப்பொருள், பொட்டலச் செலவு போகக் கிலோவுக்கு 15 ரேண்ட் நிற்கும். அப்படியானால் மாதம் 90,000 ரேண்ட். கேட்கும் கடன் 18 லட்சம் ரேண்ட், ஐந்து ஆண்டு, 12 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 40,000. தொண்ணூறை நாற்பதால் வகுத்தால் இரண்டே கால் மடங்கு. "எளிதாகக் கட்ட முடியும்" என்று எழுதவைத்தது இந்த இரண்டே கால்தான்.

ஆனால் பதினான்காம் பக்கத்தில், கூடுதல் ஆள் சம்பளமும் மின்சாரமும் சேர்ந்து மாதம் 20,000 ரேண்ட் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அது போனால் மிஞ்சுவது 70,000. தவணைக்கு ஒன்றே முக்கால் மடங்கு. இதுவும் மோசமில்லை. ஆனால் முதல் பக்கத்தை இரண்டே காலை நம்பி எழுதிவிட்டு, உள்ளே ஒன்றே முக்கால் வந்தால், கடன் அதிகாரி அதற்குப் பிறகு எந்த எண்ணையும் நம்ப மாட்டார்.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் நான்காவது கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. தவணை 40,000, கூடுதல் செலவு 20,000, ஆக 60,000 ரேண்ட் வர வேண்டும். கிலோவுக்கு 15 ரேண்ட் என்றால் 4,000 கிலோ. கூடுதல் 6 டன்னில் 4 டன்னாவது விற்க வேண்டும், அதற்குக் கீழே போனால் தவணைக்குப் பற்றாது. இந்த வரியை எழுதத் தயங்குவார்கள். என் கருத்து, முதல் பக்கத்தில் இதைவிடப் பயனுள்ள வரி வேறு இல்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் அவர் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கத்தான் போகிறார்.

இன்னொன்று வாட் வரி. இயந்திரங்களின் விலை பதினைந்தரை லட்சம் ரேண்ட், வாட் சேராமல். 15 சதவீத வாட் போட்டால் இன்னும் 2 லட்சத்து 32 ஆயிரத்து 500 ரேண்ட். வாட் பதிவு செய்த நிறுவனம் இதைப் பின்னால் சார்ஸ் வரித்துறையிடம் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சுருக்கம் சொல்லாவிட்டால், வாசிப்பவருக்கு 18 லட்சம் போதாதோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

இவற்றைத் திருத்திய பக்கம் எப்படி இருக்கும்? வாசிக்கிறேன்.

"சாட்ஸ்வொர்த்தில் மசாலாப் பொடி அரைத்து, டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள கடைகளுக்கு மொத்தமாக விற்கிறோம். 5 ஆண்டுத் தவணையில் 18 லட்சம் ரேண்ட் கடன் கேட்கிறோம். மொத்தச் செலவு 24 லட்சம், அதில் 6 லட்சம் எங்கள் கைப்பணம். அரவை, பொட்டல இயந்திரங்களுக்குப் பதினைந்தரை லட்சம், மின் இணைப்புக்கு இரண்டரை லட்சம், மிளகாய், மல்லி கொள்முதலுக்கு 6 லட்சம். இயந்திரங்களுக்கான வாட் வரியை எங்கள் ஓவர்டிராஃப்டிலிருந்து கட்டி, திரும்ப வந்ததும் அதை அடைப்போம். மாத உற்பத்தி 4 டன்னிலிருந்து 10 டன்னாகும். கூடுதல் செலவு போக மாதம் 70,000 ரேண்ட் மிஞ்சும், தவணை சுமார் 40,000. கூடுதல் விற்பனை 4 டன்னுக்குக் கீழே இறங்கினால் தவணைக்குப் பற்றாது. இயந்திர விலைப்புள்ளி செப்டம்பர் 30 வரைதான் செல்லும். அதற்குள் உங்கள் முடிவு தெரிந்தால் இந்த விலையில் வாங்கலாம்."

மூன்று தலைமுறைப் பெருமை போய்விட்டது, கவனித்தீர்களா? அது உள்ளே இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கும் கடைகள் கூடுதலாக எடுத்துக்கொள்வதாக எழுத்தில் கொடுத்திருந்தால், அந்த இடத்தில் அதைச் சேர்ப்பேன். 4 டன் என்ற அந்த எல்லைக்கு நேரே நிற்கும் ஆதாரம் அதுதான்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பக்கம் புரிகிறதா என்பதைத்தான் இது காட்டும், கிலோவுக்கு 15 ரேண்ட் என்பது உண்மையா என்பதைக் காட்டாது. அதற்குக் கொள்முதல் ரசீதுகளைத்தான் பார்க்க வேண்டும்.

டெண்டருக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொழில்நுட்ப விவரத்தை ஒரு உறையிலும் விலையை வேறு உறையிலும் கேட்கும் டெண்டர்கள் உண்டு. அங்கே சுருக்கம் முழுமையாக இருக்க வேண்டும் என்று விலையைத் தொழில்நுட்ப உறையில் எழுதிவிட்டால், விண்ணப்பத்தையே தள்ளிவிடலாம். டெண்டர் நிபந்தனைகளை முதலில் வாசித்துவிட்டு, தொகையைத் தவிர்த்து, மற்றக் கேள்விகளில் அந்த டெண்டருக்குப் பொருந்துபவற்றை மட்டும் சோதியுங்கள்.

திருத்திய பக்கத்தை மறுபடி சோதிக்கும்போது வேறொருவரிடம் கொடுங்கள். முதலில் வாசித்தவருக்கு இப்போது பாதி விஷயம் தெரிந்துவிட்டது, அவர் பதில் இனிக் கணக்கில் சேராது. நன்றி, வணக்கம்.