எர்லி க்ளெய்ம்: ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஒரு வரி

வணக்கம் நேயர்களே. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் க்ளெய்ம் பிரிவில் 28 வருடம் இருந்தவன் நான். பாலிசி எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஒருவர் இறந்துவிட்டால், அந்தக் கோப்பை 'எர்லி க்ளெய்ம்' என்று தனியாக எடுத்து வைப்போம். விசாரணை இல்லாமல் அது நகராது.

ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்த பெண் ஒருவர் காப்பீட்டுக் கம்பெனியின் கடிதத்தோடு வந்தார். கணவருக்கு 43 வயது. பாலிசி எடுத்த 14-ஆம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். சிகிச்சை தந்த டாக்டரின் சான்று, கேஸ் ஷீட் நகல், பழைய சிகிச்சை விவரம் எல்லாம் கேட்டிருந்தார்கள். "நாங்க என்னமோ ஏமாத்தின மாதிரி கேக்கறாங்களே சார்" என்றார்.

பாலிசி பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கூடவே இருந்தது பாலிசி கேட்டு முதலில் நிரப்பிக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகல். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில், கீழே கையெழுத்து, தேதி. கம்பெனி ஆஸ்பத்திரி ரெக்கார்டில் தேடுவது, அந்தத் தேதிக்கு முன்பே நோய் இருந்ததா என்பதைத்தான்.

கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டு வாங்கினோம். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. முதல் பக்கத்திலேயே இடித்தது: 'சர்க்கரை, 5 வருடமாக'. பாலிசிக்கு வயதோ 14 மாதம்!

யார் சொன்னது? இறந்தவரின் தம்பி. ராத்திரி இரண்டு மணிக்கு, அவசரப் பிரிவில், எத்தனை வருஷமாக என்று டாக்டர் கேட்டதும் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லியிருக்கிறார். உண்மையில் பாலிசி எடுத்து நான்கு மாதம் கழித்துத்தான் சர்க்கரை தெரியவந்தது. அந்த முதல் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் தெரு முனை டாக்டரின் முதல் சீட்டும் வீட்டு அலமாரியில் இருந்தன. அவற்றோடு, எப்போது முதல் மருந்து கொடுக்கிறார் என்று அந்த டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி இணைத்தோம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவுப்படி மூன்று வருடம் வரை கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்கலாம். இரண்டு வருடம் என்பது என் காலத்து அலுவலக வழக்கம், அவ்வளவுதான். ஆனால் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறைத்ததாகச் சொல்லும் விஷயம் முன்பே தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று காட்டும் பொறுப்பும் அவர்களுடையது. மோசடி இல்லாத தவறான தகவல் என்றால், கட்டிய பிரீமியத்தை 90 நாளில் திருப்பித் தர வேண்டும். மோசடி என்று சொன்னால் கதை வேறு, அதை மறுத்துக் காட்ட வேண்டியது குடும்பம்தான்.

விசாரணைக்கு வருபவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் எழுதிய வாக்குமூலத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் மைத்துனரிடமும் வந்தார்கள். "பதட்டத்துல சொன்னேன், எனக்குச் சரியாத் தெரியாது" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதவைத்து, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் பணம் வங்கியில் வரவானது.