விட்ட காய்ச்சல் திரும்ப வந்தா பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கலாமா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 44 வயசு. ஃப்ளூ காய்ச்சல் நாலு நாள்ல விட்டுடுச்சு. ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டு நடமாடினார். நேத்து ராத்திரி திரும்ப குளிர் நடுக்கத்தோட 102. பழைய காய்ச்சல் மிச்சம்தான், தானா போயிடும்னு மாமியார் சொல்றாங்க. பாராசிட்டமால் கொடுத்துட்டு இருக்கலாமா?"

பதில்:

இந்தக் கேள்வியைப் பார்த்ததுமே, "இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துடுங்கம்மா"னு அந்தச் சகோதரிக்குப் பதில் அனுப்பிட்டேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன்னு இப்ப எல்லாருக்கும் சொல்றேன்.

அந்த மாமியார் சொன்னதைத்தான் முக்கால்வாசி வீட்ல சொல்றாங்க. ஆனா ஃப்ளூ அப்படி நடந்துக்கிற வியாதி இல்லைங்க. பொதுவா மூணுலேர்ந்து அஞ்சு நாள் காய்ச்சல் அடிக்கும், அப்புறம் இறங்கும். இருமலும் அசதியும் ரெண்டு வாரம்கூட இழுக்கும், அது வேற விஷயம். காய்ச்சல் முழுசா விட்டு, ஆள் தெளிஞ்சு, அதுக்கப்புறம் புதுசா ஏறுதுன்னா, பெரும்பாலும் உள்ள வேற ஒரு கிருமி வந்திருக்குன்னு அர்த்தம். அதுல நாங்க ரொம்பப் பயப்படுறது பாக்டீரியா நிமோனியாவுக்கு.

"முழுசா விட்டு"ன்னு சொன்னேன் பாருங்க, அதைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க. பாராசிட்டமால் போட்டா நாலுலேர்ந்து ஆறு மணி நேரம் காய்ச்சல் இறங்கும், மருந்து தீர்ந்ததும் ஏறும். ஃப்ளூவோட முதல் மூணு நாள்ல இப்படி ஏறி இறங்குறது சகஜம். நான் சொல்ற இடைவெளி அது இல்லை. காய்ச்சல் மாத்திரை எதுவுமே போடாம, முழுசா ஒரு நாளாவது உடம்பு சூடு சாதாரணமா இருக்கணும். அதுக்கப்புறம் 101, 102னு போனா, அதுதான் ரெண்டாவது ஏற்றம். இதனாலதான் எங்கிட்ட வர்றவங்ககிட்ட, தெர்மாமீட்டர்ல பார்த்ததை நேரத்தோட எழுதி வையுங்க, மாத்திரை போட்ட நேரத்தையும் பக்கத்துலயே எழுதுங்கன்னு கேட்டுக்குவேன்.

அப்படி எழுதி வச்ச ஒரு அம்மாவாலதான் எங்களுக்கு ஒருத்தரோட கதை நாள் நாளா தெரிஞ்சது. அவர் டைல்ஸ் ஒட்டுற வேலை பார்க்குறவர், வயசு 38, பீடி பழக்கம் உண்டு. அவர் மனைவி தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சுக் கிழிச்சு பின்பக்கம் குறிச்சிருந்தாங்க. முதல் நாள் 103, உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலி. மூணாம் நாள் 100. நாலாம் நாள் காலைல மாத்திரை இல்லாமலே 98.6, அன்னைக்கு முழுக்க அப்படியே. அஞ்சாம் நாள் சைட்டுக்குப் போய் அரை நாள் வேலை பார்த்திருக்கார். ஆறாம் நாள் சாயங்காலம் பல்லு கிட்டுற மாதிரி நடுக்கம், 102.4. மெடிக்கல்ல சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டிருக்காங்க. வேர்த்து விட்டு காய்ச்சல் இறங்கியிருக்கு. சரி ஆயிடுச்சுன்னு ஏழாம் நாளும் அப்படியே ஓடிடுச்சு.

எட்டாம் நாள் காலைல எங்கிட்ட வந்தார். பேரைக் கேட்டேன், சொன்னார். என்ன பண்ணுதுன்னு கேட்டேன், நாலு வார்த்தை சொல்லி ஒரு மூச்சு, இன்னும் மூணு வார்த்தை சொல்லி ஒரு மூச்சு. மூச்சை ஆழமா இழுத்தா வலது பக்கம் குத்துதுன்னு ஒரே விரலால இடத்தைத் தொட்டுக் காட்டினார். கைக்குட்டையை விரிச்சார், சளி செங்கல் பொடி கலந்த மாதிரி துரு நிறத்துல இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு 32 மூச்சு. ஆக்சிஜன் 90. ஸ்டெத் வச்சா வலது நுரையீரலோட அடிப்பக்கம் பொரியுற மாதிரி சத்தம். காதுக்குப் பக்கத்துல தலைமுடியைக் கொத்தா பிடிச்சு விரல்ல உருட்டிப் பாருங்க, அந்தச் சத்தம்தான். எக்ஸ்ரேல அதே இடம் வெள்ளையா அடைச்சிருந்தது. காத்து இருக்க வேண்டிய இடத்துல நீரும் சீழும் நிறைஞ்சிருக்கு.

அஞ்சாம் நாள் வேலைக்குப் போன மனுஷன் எட்டாம் நாள் இப்படி எப்படி ஆனார்? நம்ம மூச்சுக்குழாயோட உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் இருக்கு. காத்துல நெற்கதிர் ஒரே பக்கமா சாயுற மாதிரி, அதெல்லாம் சேர்ந்து அசைஞ்சு சளியை மேல தொண்டைக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும். தூங்கும்போது தொண்டைல இருக்குற எச்சில் துளித்துளியா உள்ள இறங்கும், எல்லாருக்கும் இறங்கும். அதுல கிருமியும் இருக்கும். நிமோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா, நல்லா இருக்குறவங்க மூக்குலயும் தொண்டையிலயும்கூட, முக்கியமா சின்னப் பிள்ளைங்ககிட்ட, ஒண்ணும் பண்ணாம குடியிருக்கும். இறங்குறதை எல்லாம் அந்த ரோமங்கள் வெளிய தள்ளிடும், அதனால தப்பிக்கிறோம். ஃப்ளூ வைரஸ் நேரா தாக்குறதே அந்த ரோமங்கள் இருக்குற செல்களைத்தான். மூச்சுக்குழாயோட உள்பக்கத் தோலே உரிஞ்சு போயிடுது. உரிஞ்ச இடத்துல பாக்டீரியா ஒட்டிக்கிறதும் சுலபம்.

இன்னொண்ணும் நடக்குது. வைரஸை அடிக்க உடம்பு இன்டர்ஃபெரான்னு ஒரு பொருளைச் சுரக்கும். அது வைரஸுக்கு எதிரா நல்லா வேலை செய்யும். ஆனா அதே சமயத்துல, நுரையீரல்ல பாக்டீரியாவை விழுங்குற காவல் செல்களோட வேகத்தைக் குறைச்சிடும். இந்த ரெண்டும் சேர்ந்து நுரையீரல் ரொம்பப் பலவீனமா இருக்கிறது ஃப்ளூ ஆரம்பிச்சு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்போது. அதாவது காய்ச்சல் விட்டு, தலைக்கு ஊத்திட்டு, வேலைக்குக் கிளம்புற அதே நாள்கள்ல! உடம்பு தேறிடுச்சுன்னு நமக்குத் தோணும்போது, உள்ள அந்தத் தோல் இன்னும் முளைச்சு முடியலை.

1918ல வந்த பெரிய ஃப்ளூவுலயும் இதேதான் நடந்தது. அப்ப இறந்தவங்களோட நுரையீரல் துண்டுகளைப் பாதுகாத்து வச்சிருந்தாங்க. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் அதுல 58 பேரோடதைத் திரும்ப எடுத்துப் பார்த்து 2008ல எழுதினாங்க. ஏறக்குறைய எல்லாத்துலயும் பாக்டீரியா நிமோனியாவோட தடயம் இருந்தது. அந்தக் காலத்து டாக்டர்கள் இந்த பாக்டீரியாவைப் பார்த்து ஏமாந்தும் இருக்காங்க. 1892ல ஃபைஃபர்ங்கிறவர் ஃப்ளூ நோயாளிங்க சளியில ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சு, ஃப்ளூவுக்கே இதுதான் காரணம்னு சொன்னார். மனுஷனைத் தாக்குற ஃப்ளூ வைரஸைப் பிரிச்செடுத்தது 1933லதான். பின்னாடி நுழைஞ்ச கிருமியை முதல் குற்றவாளின்னு நினைச்சுட்டாங்க. அதுக்கு இன்னைக்கும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸேன்னுதான் பேர்.

சரி, வீட்ல எப்படிப் பார்க்குறது? மூச்சை எண்ணுங்க. "உன் மூச்சை எண்றேன்"னு சொல்லிட்டு எண்ணாதீங்க, சொன்னா மூச்சு மாறிடும். அவர் படுத்திருக்கும்போது வயிறு ஏறி இறங்குறதைப் பார்த்து, முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். பெரியவங்களுக்கு 12லேர்ந்து 20 வரை சாதாரணம். 24ஐத் தாண்டினா டாக்டரைப் பார்க்கணும், 30க்கு வந்துட்டா நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகணும். ஒரு வயசுலேர்ந்து அஞ்சு வயசுப் பிள்ளைக்கு 40ஐத் தொட்டாலே வேகமான மூச்சுதான். பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தா, விரல் சில்லுன்னு இல்லாம தேய்ச்சு சூடாக்கி, நகப்பூச்சை எடுத்துட்டு வையுங்க. 94க்குக் கீழ காட்டினா காத்திருக்க வேண்டாம்.

வயசானவங்ககிட்ட இந்தக் கணக்கு ஏமாத்தும். 75 வயசு அம்மாவுக்கு ரெண்டாவது காய்ச்சலே வராம போகலாம். சாப்பாட்டை ஒதுக்குவாங்க, பேச்சு குழறும், ஆளை மாத்திக் கூப்பிடுவாங்க, பாத்ரூம் போற வழியில விழுவாங்க. ஃப்ளூ வந்து போன வாரத்துல இப்படி நடந்தா அதையே ரெண்டாவது ஏற்றமா எடுத்துக்கோங்க. இன்னும் சிலருக்கு நடுவுல இடைவெளியே கிடைக்காது. ஃப்ளூ நேரா நிமோனியாவுக்குள்ள போயிடும். அதனால இடைவெளி இல்லையே, அப்ப இது இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க.

திரும்ப வர்ற எல்லாக் காய்ச்சலும் நிமோனியாவும் இல்லை. சைனஸ், காது, சிறுநீர் எதுல சீழ் பிடிச்சாலும் வரலாம். மழைக்காலத்துல டெங்குவும் விட்டுத் திரும்ப வரலாம், அதுல காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரமே. அதனாலதான் எக்ஸ்ரேவோட ரத்தப் பரிசோதனையும் எழுதுவோம்.

டாக்டர்கிட்ட போனதும் ஒரு வரி மறக்காம சொல்லுங்க: "ஃப்ளூ வந்து முழுசா விட்டு, இத்தனை நாள் கழிச்சுத் திரும்ப வந்திருக்கு." வெறுமனே காய்ச்சல், இருமல்னு சொன்னா வழக்கமான மருந்தை யோசிப்பார். ஃப்ளூவுக்கு அப்புறம்னு தெரிஞ்சா ஸ்டஃபைலோகாக்கஸையும் நினைப்பார். அது தோலிலயும் மூக்குலயும் இருக்குற இன்னொரு பாக்டீரியா. நுரையீரலுக்குள்ள போனா திசுவை அரிச்சுக் குழி பண்ணிடலாம், சளியில ரத்தம் வரலாம், சில மணி நேரத்துலயே ரத்த அழுத்தமும் இறங்கிடலாம். அதுல ஒரு வகைக்கு சாதாரண ஆன்டிபயாட்டிக் கேட்காது. வேன்கோமைசின் மாதிரி தனி மருந்து வேணும்.

ஃப்ளூ வந்த முதல் நாளே அசித்ரோமைசின் போட்டுட்டா இதெல்லாம் வராதில்லனு அடிக்கடி கேக்குறாங்க. வராம தடுக்காதுங்க. அந்த மருந்துக்கு சாகுற கிருமி சாகும், சாகாதது தங்கும். அப்புறம் நிமோனியா வந்தா அந்த மருந்துக்கு அசையாத கிருமியால வர்ற வாய்ப்பு கூடும். வீட்ல மிச்சம் இருக்குற ரெண்டு மாத்திரையைப் போடுறதும் அதே கதைதான். கிருமியை முழுசா கொல்லாது, ரத்தத்துலயும் சளியிலயும் இருக்குற கிருமியை வளர்த்துப் பார்க்குற கல்ச்சர் டெஸ்ட்ல அது எதுன்னு தெரியாமலும் பண்ணிடலாம்.

அந்த டைல்ஸ்காரருக்கு முதல்ல கல்ச்சருக்கு ரத்தமும் சளியும் எடுத்துட்டு, உடனே செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும் ஆரம்பிச்சோம். ரெண்டு நாள் ஆக்சிஜன் வச்சோம். மூணாம் நாள் காய்ச்சல் நின்னது. சளியில வளர்ந்தது நிமோகாக்கஸ். ஏழு நாள் மருந்து. மறுபடி முழு நாள் உட்கார்ந்து டைல்ஸ் ஒட்ட அவருக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பீடி குடிக்கிறவர்ங்கிறதால ஆறு வாரம் கழிச்சு எக்ஸ்ரே திரும்ப எடுத்தோம், அந்த வெள்ளை முழுசா மறைஞ்சிருந்தது. அன்னைக்கே நிமோகாக்கல் தடுப்பூசி போட்டோம். ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் செப்டம்பர்ல, மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி வந்து போட்டுக்கச் சொல்லி, அந்த அம்மா வச்சிருந்த காலண்டர்லயே குறிச்சுக் கொடுத்தேன்.