டொரன்டோவில் ஒன்பது, லண்டனில் இரண்டு, ஹட்டனில் எத்தனை மணி?

(காட்சி: மேசையில் மடிக்கணினி, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி)

வணக்கம். நான் இலங்கையில் ஹட்டனில் இருந்து சனிக்கிழமைகளில் ஒன்லைனில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரே வகுப்பில் லண்டன் பிள்ளைகளும் டொரன்டோ பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்படி ஒரு வகுப்பைத் தொடங்க நினைக்கும் டீச்சர்மாருக்காகத்தான் இந்த வீடியோ.

(திரையில்: மூன்று கடிகாரங்கள்)

குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30 என்றால் லண்டனில் பகல் 2 மணி, டொரன்டோவில் காலை 9 மணி. கோடையில் அந்த இரண்டு ஊர்களும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். நம் கடிகாரம் அசையாது. அதனால் நாம் 6.30க்கே உட்கார வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு ஊர்களும் ஒரே நாளில் மாறுவதில்லை. டொரன்டோ மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு மாறுகிறது. லண்டன் கடைசி ஞாயிறுதான். 2026இல் அது மார்ச் 8, மார்ச் 29. இடையில் 14, 21, 28 என்று மூன்று சனிக்கிழமைகள் வருகின்றன. அந்த நாட்களில் 7.30க்கு வகுப்பு வைத்தால் டொரன்டோவில் மணி 10. அங்குள்ள பிள்ளை ஒன்பதுக்கே வந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடிகாரம் பழையபடி திரும்பும்போது, ஒக்டோபர் 31ஆம் திகதியும் இதே கதைதான்.

நான் செய்வது இது: வகுப்பு நேரத்தை லண்டனில் கட்டிவிடுகிறேன். கூகுள் கலண்டரில் வகுப்பின் நேர வலயமாக லண்டனைக் கொடுத்தால், மற்றவர்களின் நேரத்தை அதுவே மாற்றிக் காட்டும். டொரன்டோ வீடுகளுக்கு அந்த நான்கு சனிக்கிழமைகளை மட்டும் முன்கூட்டியே வட்ஸ்அப்பில் எழுதிப் போடுகிறேன்.

(திரையில்: வங்கிப் படிவம்)

சரி, கட்டணம். மாதக் கணக்கு வேண்டாம். சில மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வந்துவிடும். வகுப்பை எண்ணிக் கேளுங்கள். ஒரு வகுப்புக்கு 5 பவுண் என்றால், 12 வகுப்புக்கு 60 பவுண், ஒரே தடவையில், தவணை தொடங்கும் முன்பே. மாதம் 20 பவுணாகப் பிரித்து வங்கி வழியாக அனுப்பினால், இடையில் உள்ள வங்கி மூன்று தடவை வெட்டும். வந்த தொகை அனுப்பியதைவிடக் குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும், பெற்றோரை அல்ல. அனுப்பும்போது செலவு யாருடையது என்று கேட்கும் இடத்தில் OUR என்று தெரிவு செய்யச் சொல்லுங்கள். செலவு அனுப்புபவர் பக்கம் போய்விடும்.

ரூபாயில் கட்டணம் பேசாதீர்கள். 2022இல் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ரூபாயில் பேசியிருந்தவருக்கு அதே காசுதான் வந்தது. கடையில் சாமான் விலைதான் ஏறியது.

அப்புறம், மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போகும். நம் பக்கம் நின்றுபோன வகுப்புக்குக் காசு கழிக்காமல், தவணைக் கடைசியில் இன்னொரு சனிக்கிழமை சேர்த்துக் கொடுங்கள். பிள்ளை வராவிட்டால் பதிவை அனுப்பினால் போதும். இந்த இரண்டையும் முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள், காசு வருவதற்கு முன்பே.