என் பீடிஎப் எனக்கே வந்த நாள்

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிச் செயலட்டைகள் தயாரித்து, பீடிஎப் ஆக விற்கிறேன். ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு அம்மா வட்ஸ்அப்பில் ஒரு பைல் அனுப்பி, "அக்கா, இது நல்ல செட், உங்கட பிள்ளைகளுக்கும் குடுங்கோ" என்று எழுதியிருந்தார். திறந்து பார்த்தால் நான் 1,500 ரூபாய்க்கு விற்ற அதே 40 பக்கங்கள்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை, யாரோ அவருக்கு அனுப்பியதை அவர் எனக்கு அனுப்பினார், அவ்வளவுதான். பிழை நான் பைலைக் கொடுத்த விதத்தில் இருந்தது. கூகுள் டிரைவில் போட்டு, "Anyone with the link" என்று வைத்து, காசு கட்டிய எல்லாருக்கும் ஒரே லிங்கைத்தான் அனுப்பி வந்தேன். அந்த லிங்க் யார் கையில் இருந்தாலும் திறக்கும், எத்தனை மாதம் போனாலும் திறக்கும். வீடியோப் பாடங்களை யூடியூபில் "Unlisted" என்று வைத்து விற்பவர்களுக்கும் இதே கதைதான், லிங்க் போன இடமெல்லாம் பாடமும் போகும்.

அதற்குப் பிறகு பைலுக்குப் பாஸ்வேர்ட் போட்டேன். அது இன்னும் மோசம். காசு கட்டிய அம்மாமார் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்து "திறக்குதில்லை" என்றார்கள், பகிர நினைத்தவர்களோ பைலோடு பாஸ்வேர்டையும் சேர்த்தே அனுப்பினார்கள். அந்தப் பூட்டு, காசு கட்டி வாங்கியவருக்கு மட்டும்தான் தொந்தரவாக இருந்தது.

இப்போது செய்வது வேறு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவரின் பெயர், ஓர்டர் இலக்கம் இரண்டையும் மெல்லிய சாம்பல் நிறத்தில் பதித்து, அவருக்கென்று ஒரு தனிப் பிரதியாக அனுப்புகிறேன். ஒருவருக்கு மூன்று நிமிடம் போகும். அதையும் காசு என் கணக்கில் விழுந்ததை வங்கி ஆப்பில் பார்த்த பிறகுதான் செய்வேன், சிலிப் படத்தை மட்டும் நம்பி அனுப்புவதில்லை, ஏனென்றால் ஒரே சிலிப் இரண்டு பேரிடமிருந்து வந்த அனுபவமும் உண்டு. பெயரை வெட்டிவிட்டுக் கொப்பி அடிக்க முடியாதா? முடியும். ஆனால் நான் கண்ட அளவில் பகிர்கிறவர்களில் அநேகமானோர் திருடர்கள் அல்ல, நல்ல மனதோடு தோழிக்கு அனுப்புகிறவர்கள். தன் பெயர் நாற்பது பக்கத்திலும் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் நாம் ஆக்கியதற்குப் பதிப்புரிமை நமக்கு உண்டு, அதனால் யாராவது குழுவில் போட்டிருந்தால் அட்மினுக்குப் பணிவாக எழுதி எடுக்கச் சொல்லலாம்.

இன்னொன்று, வேர்ட் பைலாக அனுப்பவே வேண்டாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருவை உள்ளே பதித்த பீடிஎப்பில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, விலை. இதில்தான் நான் நிறையப் படித்தேன். முதல் செட்டை வடிவா இருக்கட்டும் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறப் பின்னணி போட்டுச் செய்தேன். எங்கள் தெருக் கடையில் கலர் பிரிண்ட் ஒரு பக்கம் 60 ரூபாய். நாற்பது பக்கத்துக்கு 2,400. என் விலை 1,500. அப்படியானால் அந்த அம்மாவுக்கு மொத்தம் 3,900 ரூபாய், நான் மட்டும் 1,500க்கு விற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் பிரிண்ட் எடுத்ததை மற்றவர்கள் போட்டோகொப்பி அடித்ததில் ஆச்சரியமே இல்லை. பின்னணியை எல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன், அதே கடையில் பக்கம் 15 ரூபாய், நாற்பதுக்கு 600. என் விலையையும் 900 ஆக்கினேன். இப்போது அவருக்கு எல்லாமாக 1,500தான்.

அப்புறம் டியூஷன் ஆசிரியர்கள். ஒரு பிரதி வாங்கி இருபது பிள்ளைகளுக்குக் கொப்பி எடுத்தால் அது என்னைப் பொறுத்தவரை களவுதான், ஆனால் அவர்கள் நேர்மையாக வாங்க நான் ஒரு வழியும் வைத்திருக்கவில்லையே. இருபது பிரதி வாங்கு என்றால் 18,000 ரூபாய், யார் கொடுப்பார்? அதனால் ஆசிரியர் பிரதி என்று ஒன்றை 4,500 ரூபாய்க்கு வைத்தேன். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை கொப்பியும் எடுக்கலாம், பைலை மட்டும் வெளியே கொடுக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். இருபது பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கு 225 ரூபாய்தான் விழும். முதலில் வாங்கியவர் தெஹிவளையில் வகுப்பு எடுக்கும் ஒரு ஆசிரியை. "இதுவரை உங்கட பேப்பரைத்தான் கொப்பி அடிச்சுக் குடுத்தனான், கேக்க வெக்கமாக் கிடந்தது" என்று அவராகவே சொன்னார். அடுத்த தவணைக்கான செட்டையும் அவர்தான் முதலில் கேட்டு வாங்கினார்.