7 வீதம் என்றால் 7 பேரா? ஒரு ஜர்னல் கிளப்பில் வகுப்பே ஏமாந்த கதை

"ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால், 100 பேரில் 7 பேர் கூடுதலாக இறப்பார்கள்!" ஓர் ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் வாசித்துவந்து கூடி அலசும் ஜர்னல் கிளப்பில், இறுதியாண்டுத் தாதியியல் மாணவி ஒருவர் அடித்துச் சொன்னார். அறையே தலையாட்டியது. சொன்னது பிழை. நானும் தலையாட்டினேன் என்பது நமக்குள் இருக்கட்டும்.

[திரையில்: மட்டக்களப்பு வாவி, பிறகு விரிவுரை மண்டபம்]

கட்டுரை, லிண்டா எய்க்கன் குழுவினர் 2014இல் லான்செட் சஞ்சிகையில் எழுதியது. 9 ஐரோப்பிய நாடுகள், 300 வைத்தியசாலைகள், சத்திரசிகிச்சை செய்துகொண்ட, 50 வயதும் அதற்கு மேலுமான 422,730 பேர். ஜர்னல் கிளப்பின் திட்டம் சுருக்கமானது: ஒரு கிழமை முன்பே கட்டுரை கையில், அப்புறம் ஒரு மணித்தியாலம். 10 நிமிடம் முன்வைப்பு, 20 நிமிடம் எண்கள், 25 நிமிடம் விவாதம், மிச்சம் வாக்கெடுப்பு.

சரி, அந்த 7க்கு வருவோம். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் 1000 நோயாளிகள் நிற்பதாக நினையுங்கள். ஆய்வில் 30 நாட்களுக்குள் வைத்தியசாலையில் இறந்தவர்கள் சராசரியாக 1.3 வீதம். அதாவது 13 பேர். தாதி ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போது ஏறுவது இந்த 13இல் 7 வீதம். 1000 பேரில் 7 வீதம் இல்லை. 13 ஏறக்குறைய 14 ஆகிறது. அவ்வளவுதானா? பொறுங்கள். ஆய்வில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கணக்கைப் போட்டால் சுமார் 385 உயிர்! ஒரே எண்ணை வைத்துப் பயமுறுத்தவும் முடியும், அலட்சியப்படுத்தவும் முடியும். அதனால் முன்வைப்பவர் வெண்பலகையில் 1000 பேருக்கு மாற்றி எழுதாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போகக்கூடாது.

விவாதத் தலைப்பு: "இந்த ஆய்வைக் காட்டி எங்கள் வாட்டுக்குக் கூடுதல் தாதியர் கேட்கலாம்." இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம். பட்டதாரித் தாதியர் 10 வீதம் கூடினால் இறப்பு வாய்ப்பு 7 வீதம் குறைவதாகவும் கட்டுரை சொல்கிறது. பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு இது சர்க்கரைப் பொங்கல்! ஆகவே அதிகம் சிரித்தவர்களை எதிரணியில் போடுங்கள்.

எதிரணிக்கு ஆயுதம் இருக்கிறது. நல்ல நிர்வாகமுள்ள வைத்தியசாலை பட்டதாரிகளையும் எடுக்கும், வேறு வழிகளிலும் உயிரைக் காக்கும். வயது, கூடவே உள்ள நோய்கள் எல்லாம் கணக்கில் சரிசெய்யப்பட்டிருந்தாலும், அளக்காததைச் சரிசெய்ய முடியாது. அதோடு எங்கள் வாட்டில் சோறூட்டுவதும் உடம்பு துடைப்பதும் பல வேளை பக்கத்தில் நிற்கும் உறவினர். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆதரவு அணி சும்மா இருக்குமா? 2002இல் பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்விலும், தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது அதே 7 வீதம்தான் வந்தது என்று எடுத்துப் போடும். யாராவது "காரணம்" என்று சொன்னால் மணி அடியுங்கள். இந்த ஆய்வு காட்டுவது "தொடர்பு" மட்டும்.

வாக்கெடுப்பை விவாதத்துக்கு முன்னும் பின்னும் நடத்துங்கள். எத்தனை கை மாறியது என்று பார்க்கலாம். நீங்கள் எந்த அணி? கொமென்டில் எழுதுங்கள். 1000 பேர் கணக்கில் எழுதினால்தான் வாசிப்பேன்.