நடுப்புள்ளியை ஏன் எடுக்கிறோம்? தொகுத்த விவரங்களின் சராசரியும் நிகழ்வுச் செவ்வகமும்

[திரையில்: கணக்குத் தாளில் ஓர் அட்டவணை]

40 மாணவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு கணக்குத் தாளில் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

0–10 நிமிடம்: 6 பேர்
10–20 நிமிடம்: 14 பேர்
20–30 நிமிடம்: 10 பேர்
30–60 நிமிடம்: 10 பேர்

சரியாக 20 நிமிடம் ஆகிறவர் எந்தப் பிரிவு? 20–30. கீழ் எல்லை உள்ளே, மேல் எல்லை வெளியே.

சராசரி கண்டுபிடிக்க ஒவ்வொருவருடைய நேரமும் வேண்டும். ஆனால் நம்மிடம் அது இல்லை. 10–20 பிரிவில் 14 பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். அவர்களில் யாருக்கு 11, யாருக்கு 19 என்பது தெரியாது. அதனால் அவர்கள் அந்த இடைவெளி முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். அப்படிப் பரவியிருந்தால் 14 பேரின் சராசரி சரியாக நடுவில், 15-இல் வந்து நிற்கும். நடுப்புள்ளி எடுப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

[திரையில்: நடுப்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5, 15, 25. அடுத்தது? கை தானாக 35 என்று எழுதிவிடும். கொஞ்சம் நிறுத்துங்கள். கடைசிப் பிரிவு 30 முதல் 60 வரை, அகலம் 30. நடுப்புள்ளி 45. இந்தத் தாளில் மதிப்பெண் போகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது பெருக்கலாம்.

6 × 5 = 30
14 × 15 = 210
10 × 25 = 250
10 × 45 = 450

மொத்தம் 940. இதை 40-ஆல் வகுத்தால் 23.5 நிமிடம். பிரிவுகள் நான்கு என்பதற்காக 4-ஆல் வகுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 235 வரும். அட்டவணையில் மிகப் பெரிய நேரமே 60-தான், சராசரி அதைத் தாண்டுமா?

[திரையில்: வரைபடத் தாள், இரண்டு அச்சுகள்]

சரி, படத்துக்கு வருவோம். நிகழ்வுச் செவ்வகத்தில், அதாவது ஹிஸ்டோகிராமில், ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்வது செவ்வகத்தின் பரப்பு. அகலங்கள் எல்லாம் ஒன்றாக இருந்தால் உயரத்தை மட்டும் பார்த்தால் போதும்; இங்கே கடைசிப் பிரிவு மூன்று மடங்கு அகலம். ஆகவே எண்ணிக்கையை அகலத்தால் வகுத்து உயரம் எடுக்க வேண்டும்: 0.6, 1.4, 1, கடைசியில் 10-ஐ 30-ஆல் வகுத்து ஏறக்குறைய 0.33. இதற்கு நிகழ்வெண் அடர்த்தி என்று பெயர்.

அப்படிச் செய்யாமல் 6, 14, 10, 10 என்றே உயரம் வைத்தால் என்ன ஆகும்?

[திரையில்: தவறான படம். வலது ஓரத்தில் ஒரு பெரிய செவ்வகம்]

பாருங்கள், பாதிப் பள்ளி தொலைவிலிருந்து வருவது போலத் தெரிகிறது. நான்கு பரப்புகள் 60, 140, 100, 300. மொத்தம் 600, அதில் சரிபாதி கடைசிச் செவ்வகத்துக்கே போய்விட்டது. உண்மையில் அங்கே இருப்பது 40-இல் 10 பேர், கால் பங்கு. சராசரி என்பது இந்தப் படத்தை அட்டையில் வெட்டி எடுத்தால் விரல் நுனியில் சாயாமல் நிற்கும் இடம். சரியான படம் 23.5-இல் நிற்கும். தவறான படம் 30.7-க்குப் பக்கத்தில் நிற்கும். கணக்கும் படமும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் அகலங்களைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செவ்வகத்தின் மேல்விளிம்பு ஏன் தட்டையாக இருக்கிறது? ஆட்கள் அந்த இடைவெளியில் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டதால். நடுப்புள்ளிக்கும் அதே அனுமானம்தான்.

அந்த அனுமானம் பொய்த்தால்? பள்ளிக்கு வர 55 நிமிடம் ஆகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்; கடைசிப் பிரிவில் பலரும் 30-ஐ ஒட்டியே இருக்கலாம். அந்தப் பத்துப் பேரின் உண்மைச் சராசரி 36 என்றால் மொத்தம் 850 ஆகி, விடை 21.25-க்கு இறங்கும். ஒரே ஒரு அகலமான பிரிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் தள்ளிவிட்டது. அதனால்தான் விடையை ‘மதிப்பிட்ட சராசரி’ என்று எழுதச் சொல்கிறார்கள்.

[திரையில்: 10–19, 20–29]

கடைசியாக, 10–19, 20–29 என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால்? மதிப்பெண் என்றால் எல்லைகளை 9.5, 19.5 என்று மாற்றிச் செவ்வகங்களை ஒட்டி வரையுங்கள், நடுப்புள்ளி 14.5. ஆனால் நிறைவடைந்த வயது என்றால் விஷயம் வேறு. 20-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் வரை ஒருவருக்கு வயது 19-தான். எனவே அந்தப் பிரிவு 10 முதல் 20 வரை நீள்கிறது, நடுப்புள்ளி 15.