மவுஸ் எண்ணும், விண்டோஸ் பெருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

கேமிங் மவுஸ் வரும் அட்டைப்பெட்டியில் 26,000 டிபிஐ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் மேசையில் இருக்கும் சாதாரண 1920 பிக்சல் அகலத் திரையில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? மவுஸை ஓர் அங்குலம் தள்ளினால் அம்புக்குறி பதின்மூன்றரைத் திரையைத் தாண்டி ஓட வேண்டும். அப்படி ஒரு வேகத்தில் எந்த மனிதரும் வேலை செய்யப் போவதில்லை. ஆகவே அந்த எண்ணை அங்கேயே விட்டுவிட்டு, மவுஸுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. திரை எவ்வளவு பெரிது, அம்பு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ‘வலப்பக்கம் ஐந்து, மேலே இரண்டு’ என்று மட்டும் சொல்லும். ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிச் சொல்கிறது என்பதுதான் டிபிஐ. 800 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 800.

அந்த எண்ணிக்கையைப் பிக்சலாக மாற்றுவது விண்டோஸின் வேலை. `Win + R` அழுத்தி `main.cpl` என்று தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் Pointer Options என்ற பக்கத்தில் ஒரு வேகக்கோடு இருக்கும். அதில் 11 படிகள். நடுவில் இருக்கும் ஆறாவது படியில் நிறுத்தி, கீழே Enhance pointer precision என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், மவுஸ் சொல்லும் ஓர் எண்ணுக்கு அம்பு சரியாக ஒரு பிக்சல் நகரும். ஆறுக்கு மேலே போனால் விண்டோஸ் பெருக்க ஆரம்பிக்கும். எட்டாவது படியில் ஒன்றுக்கு இரண்டு பிக்சல். அப்போது இடையில் உள்ள பிக்சலில் அம்பை நிறுத்தவே முடியாது, தாண்டித் தாண்டித்தான் போகும். வேகம் போதவில்லை என்றால் கோட்டை உயர்த்தாமல் டிபிஐயை உயர்த்துங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அந்த Enhance pointer precision என்ற பெயர் ஆளை ஏமாற்றும். துல்லியத்தைக் கூட்டுவதுபோல ஒலிக்கிறது. உண்மையில் அது முடுக்கம். ஒரே தூரத்தை மெதுவாகத் தள்ளினால் அம்பு குறைவாகவும், வேகமாகத் தள்ளினால் கூடுதலாகவும் ஓடும். அலுவலக வேலையில் பலருக்கு அது பழகிப்போயிருக்கும். அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் அளவெடுக்கும்போது அது அணைந்திருக்க வேண்டும்.

அளவெடுக்க ஒரு ஸ்கேல் போதும். ஆறாவது படி, டிக் இல்லை, திரை அகலம் 1920. அம்பைத் திரையின் இடது ஓரத்தில் ஒட்டி வைத்து, வலது ஓரத்தைத் தொடும்வரை மவுஸைக் கோணாமல் நகர்த்துங்கள். ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால் அது 800 டிபிஐ. 3 சென்டிமீட்டர் என்றால் 1600. 12 என்றால் 400. மவுஸ் திடீரென்று பேய் பிடித்ததுபோல ஓடுகிறது என்று புகார் வந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. பெரும்பாலும் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் டிபிஐ பொத்தானை விரல் தெரியாமல் அழுத்தியிருக்கும். மவுஸ் நிறுவனத்தின் மென்பொருள் இருந்தால், தேவையில்லாத டிபிஐ படிகளை நீக்கி ஒன்றை மட்டும் வைத்துவிடுங்கள். அந்தத் தொல்லை அதோடு முடிந்தது.

இப்போது ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். பகலில் எக்செல், இரவில் வேலரன்ட் என்ற சுடும் விளையாட்டு. ஒரே கணினி, ஒரே மவுஸ், 1920 திரை. அவருக்கு 800 பொருந்தும். மணிக்கட்டை 6 சென்டிமீட்டர் அசைத்தால் திரை முழுவதையும் கடந்துவிடலாம். எக்செல் கட்டத்தின் மூலையில் இருக்கும் குட்டிச் சதுரத்தையும் தடுமாறாமல் பிடிக்கலாம்.

விளையாட்டுக்குள் போனால் கதை மாறுகிறது. இத்தகைய சுடும் விளையாட்டுகள் விண்டோஸின் வேகக்கோட்டைக் கேட்பதில்லை, மவுஸின் எண்ணிக்கையை நேராக வாங்கிக்கொள்கின்றன. வேலரன்டின் அமைப்பில் இருக்கும் சென்சிட்டிவிட்டி 1 என்று இருந்தால் ஓர் எண்ணுக்குப் பார்வை 0.07 டிகிரி திரும்பும். நம் ஆள் 0.35 வைத்திருக்கிறார். 800-ஐ 0.35-ஆல் பெருக்கினால் 280, அதை 0.07-ஆல் பெருக்கினால் அங்குலத்துக்கு 19.6 டிகிரி. ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 18 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது சுமார் 47 சென்டிமீட்டர் மவுஸை இழுக்க வேண்டும். கையளவு மவுஸ்பேட் வைத்திருப்பவர் இந்த எண்ணைக் கேட்டதும் ஏன் பாதியில் தூக்கித் தூக்கி வைக்கிறோம் என்று புரிந்துகொள்வார்.

அவர் 4கே திரை வாங்குகிறார். அகலம் 3840. பழைய 800-இல் திரையைக் கடக்க 12 சென்டிமீட்டர் ஆகும், கை சலித்துப்போகும். டிபிஐயை 1600 ஆக்குகிறார். அலுவலக வேலை பழையபடி சரியாகிவிட்டது. விளையாட்டில் மட்டும் எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அங்கே 0.35-ஐ 0.175 ஆக்கினால் 280 திரும்பக் கிடைக்கும், கைப்பழக்கமும் கெடாது. பெருக்குத்தொகை மாறாமல் பார்த்துக்கொள்வதே இதன் சூத்திரம்.

அடுத்தது போலிங் ரேட். மவுஸ் எண்ணி வைத்ததைக் கணினி நொடிக்கு எத்தனை முறை வந்து வாங்கிப்போகிறது என்பது அது. 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிநொடிக்கு ஒரு முறை, 1000 என்றால் 1 மில்லிநொடிக்கு ஒரு முறை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படம் மாற்ற 16.7 மில்லிநொடி எடுக்கிறது. அதற்குள் 125-இலும் இரண்டு சேதி வந்துவிடும். எனவே அலுவலகத்துக்கு 125 போதும். கம்பியில்லா மவுஸில் பேட்டரியும் நீடிக்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கு 6.9 மில்லிநொடிதான். 8 மில்லிநொடிக்கு ஒருமுறை சேதி வந்தால் சில படங்களுக்குப் புதுச் சேதியே இருக்காது, அசைவு விட்டுவிட்டுத் தெரியும். அங்கே 1000 வைக்க வேண்டும்.

அதற்கும் மேலே 8000 விற்கிறார்களே என்றால், கணக்குப் பாருங்கள். சேதி காத்திருக்கும் நேரம் சராசரியாக இடைவெளியில் பாதி. 125-இல் 4 மில்லிநொடி, 1000-இல் 0.5. மிச்சம் மூன்றரை. 1000-இலிருந்து 8000-க்குப் போனால் மிச்சம் அரை மில்லிநொடிகூட இல்லை. நொடிக்கு எட்டாயிரம் முறை பிராசசர் அதைக் கவனிக்க வேண்டியிருப்பதால், பழைய கணினியில் மவுஸை வேகமாகச் சுழற்றும்போதெல்லாம் விளையாட்டு திக்கும். அசையாமல் நிற்கும்போது சரியாக ஓடி, மவுஸை ஆட்டினால் மட்டும் திக்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். 1000-க்கு இறக்கிப் பாருங்கள்.

போலிங் ரேட்டை மாற்ற விண்டோஸில் இடம் கிடையாது. நிறுவன மென்பொருளில் இருக்கும், அல்லது மவுஸின் அடிப்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும். உள்நினைவகம் உள்ள மவுஸானால் அதிலேயே சேமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு கணினியில் செருகும்போது பழையபடி ஆகிவிடும். ப்ளூடூத்தில் இணைத்தால் 1000 வராது, அந்த மவுஸோடு வந்த யுஎஸ்பி ரிசீவர் வேண்டும். அந்த ரிசீவரைக் கேபினெட்டின் பின்புறம், வேலை செய்துகொண்டிருக்கும் யுஎஸ்பி 3 டிரைவுக்குப் பக்கத்தில் செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் புகுந்து அம்பு தடுக்கும். ஒரு நீட்டிப்புக் கம்பி போட்டு மவுஸ்பேட் அருகே கொண்டுவந்தால் தீர்ந்துவிடும்.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. போலிங் ரேட்டை 1000 வைத்த பிறகும், அதை அளந்து காட்டும் இணையப் பக்கம் 400, 500 என்று காட்டினால் மவுஸைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். 400 டிபிஐ மவுஸை நொடிக்கு ஓர் அங்குலம் நேராக நகர்த்தினால் அது மொத்தம் எண்ணுவதே 400. சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாத நேரத்தில் மவுஸ் சும்மா இருக்கும். வேகமாக வட்டமிட்டுச் சுழற்றி, அப்போது வரும் எண்ணைப் பாருங்கள். அதிலும் 1000-ஐ ஒட்டி வரவில்லை என்றால் முதலில் யுஎஸ்பி ஹப்பை விட்டுக் கணினியின் துளையிலேயே நேராகச் செருகி, மறுபடியும் சுழற்றுங்கள்.